சித்தி ‘ம்’ கொட்டினால் துணைத்தலைப்பை மாற்றுங்கள்

என் சித்தி மகள் போன மாதம் ஒரு கட்டுரையோடு வந்தாள். அவர்கள் குடியிருப்பில் பொங்கலுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதில் பட்டுப்புடவையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். “அக்கா, நீ பத்திரிகை டெஸ்க்கில் இத்தனை வருஷம் இருந்தவள். எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடு” என்றாள். எழுத்துப்பிழை நாலுதான் இருந்தது. விஷயமும் நன்றாகவே இருந்தது. அவள் அம்மாவிடமும் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணிடமும் கேட்டு, தானும் செய்து பார்த்து எழுதியிருந்தாள். ஆனால் பக்கத்தைப் பார்த்ததுமே எனக்குக் கொட்டாவி வந்தது. காரணம் துணைத்தலைப்புகள். அவை இப்படி இருந்தன:

முன்னுரை
பட்டுப்புடவைகளின் முக்கியத்துவம்
பட்டின் வகைகள்
பராமரிப்பு முறைகள்
கறை நீக்குதல்
சேமிப்பு வழிமுறைகள்
பொதுவான தவறுகள்
முடிவுரை

இதை எந்த அலுவலகத்து அறிக்கையிலும் ஒட்டிவிடலாம். ‘பட்டு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘டிராக்டர்’ என்று போட்டாலும் அப்படியே பொருந்தும். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் குறிப்புச்சட்டகம் கொடுத்து, முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் முடிக்கச் சொல்லித்தானே நம் எல்லாரையும் வளர்த்தார்கள்? தலைப்பில்லாமல் எழுதினால் மார்க் குறையும் என்ற பயம் நாற்பது வயதிலும் போவதில்லை. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவருக்கு அந்தத் தலைப்புகள் உதவும், ஏனென்றால் எல்லாப் பகுதியும் இருக்கிறதா என்றுதான் அவர் பார்க்கிறார். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் கறுத்துப்போன ஜரிகையோடு நிற்கிறவளுக்கு அவை எதற்கும் உதவாது.

அன்று மாலை நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்த எட்டையும் மாற்றினோம். அந்த வேலையையே இங்கே சொல்கிறேன். உங்கள் கட்டுரை புடவையைப் பற்றியதாக இல்லாவிட்டாலும் வழி இதுதான்.

முதலில் சித்திக்குப் போன் போட்டோம்

கட்டுரையை அல்ல, தலைப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொன்னேன். முன்னே “அம்மா, ஒரு விஷயம் தெரியுமா?” என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

“அம்மா, ஒரு விஷயம் தெரியுமா? சேமிப்பு வழிமுறைகள்.”

“ம்.”

“அம்மா, ஒரு விஷயம் தெரியுமா? கறை நீக்குதல்.”

“ம்… சொல்லு, என்ன கறை? எதுல கொட்டிக்கிட்ட?”

“அம்மா, ஒரு விஷயம் தெரியுமா? பொதுவான தவறுகள்.”

“என்னடி ஆச்சு உனக்கு? சாப்பிட்டியா?”

இவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் சோதனை முடிந்துவிட்டது. ஒருத்தியிடம் பேச்சுவாக்கில் சொல்ல முடியாத எதுவும் துணைத்தலைப்பாக நிற்பதற்கு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். கேட்கிறவர் ‘ம்’ கொட்டினால் தலைப்பு ஒன்றும் சொல்லவில்லை. “என்ன கறை?” என்று கேட்டால் பாதி சொல்லியிருக்கிறது, அந்தக் கேள்விக்கான பதிலைத் தலைப்புக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். “அய்யோ, அப்படியா? நான் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்!” என்றால் தலைப்பு கிடைத்துவிட்டது.

போனில் ஆளில்லாவிட்டால் கண்ணாலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. தலைப்பின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். முறைகள், வழிமுறைகள், வகைகள், நன்மைகள் என்று ‘கள்’ளில் முடிகிறதா? நீக்குதல், சேமித்தல் என்று ‘தல்’லில் முடிகிறதா? பராமரிப்பு, பாதுகாப்பு என்று ‘ப்பு’வில் முடிகிறதா? அப்படியென்றால் அது பெரும்பாலும் டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டுதான். அஞ்சறைப் பெட்டிக்குச் சீட்டு போதும். உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்கே தெரியும். படிக்கிறவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. அதனால்தான் அவர் படிக்கவே வருகிறார். ‘குறித்த’, ‘தொடர்பான’, ‘சார்ந்த’ ஆகிய மூன்றில் ஒன்று நடுவில் நின்றாலும் அதே சந்தேகம்தான். யாரும் பக்கத்து வீட்டம்மாவிடம் “கறை தொடர்பாக ஒன்று கேட்க வேண்டும்” என்று சொல்வதில்லை.

மாற்ற முடியாத தலைப்பு எதைக் காட்டிக்கொடுக்கிறது?

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். தலைப்பை அழகுபடுத்தினால் போதும் என்று நினைத்துத்தான் நாங்களும் தொடங்கினோம். இரண்டாவது தலைப்பிலேயே மாட்டிக்கொண்டோம்.

‘பட்டுப்புடவைகளின் முக்கியத்துவம்’. இதை ஒரு தோழியிடம் எப்படிச் சொல்வது? அவள் நாலு விதமாக முயன்றாள். “பட்டு நமக்கு எவ்வளவு முக்கியம் தெரியுமா?” என்றாள். தெரியும், அதனால்தானே பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம். “பட்டு வெறும் துணியல்ல” என்றாள். மேடைப் பேச்சு. எப்படிப் புரட்டினாலும் நாக்கில் வரவில்லை. பிறகு அந்தப் பகுதியைப் படித்துப் பார்த்தோம். பட்டு பாரம்பரியம், பண்பாடு, பெருமை என்று ஒரு பத்தி முழுக்க ஓடியது. படிக்கிறவள் அதிலிருந்து எடுத்துக்கொண்டு போக ஒரு வரிகூட இல்லை. பேச்சில் சொல்ல வராததற்குக் காரணம், சொல்ல அங்கே ஒன்றும் இல்லாததுதான். பகுதியையே எடுத்துவிட்டோம். ‘முக்கியத்துவம்’ என்ற பெரிய சீட்டு இல்லாமலிருந்தால், டப்பா காலி என்பது எழுதும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும்.

‘பராமரிப்பு முறைகள்’ இதற்கு நேர் எதிர். இதைப் பேச்சாக மாற்ற முயன்றபோது, ஒரு வாக்கியத்துக்குள் அடங்கவே மாட்டேன் என்றது. கீழே படித்தால் காரணம் தெரிந்தது. கட்டிக் கழற்றிய புடவையை நிழலில் ஆற விடுவது, தண்ணீரில் நனைக்கலாமா என்பது, இஸ்திரி எப்படிப் போடுவது என மூன்று தனித்தனி விஷயம் ஒரே சீட்டின் கீழே கிடந்தது. எழுதினவளுக்கே அது மூன்று என்று தெரியவில்லை. ‘முறைகள்’ என்ற பன்மை எல்லாவற்றையும் சேர்த்து அணைத்துக்கொண்டுவிட்டது. தோழியிடம் பேசும்போது அப்படிப் பன்மையில் பேச முடியாது, ஒவ்வொன்றாகத்தான் சொல்ல முடியும். ஆகவே அந்தப் பகுதி மூன்றாக உடைந்தது.

‘பொதுவான தவறுகள்’ இன்னொரு தினுசு. அதைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால், கறையைத் தேய்ப்பது என்ற தவறு ஏற்கெனவே கறைப் பகுதியில் இருந்தது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பது சேமிப்புப் பகுதியில் இருந்தது. ஒரே விஷயம் இரண்டு இடத்தில், ஒருமுறை அறிவுரையாகவும் இன்னொருமுறை தவறாகவும் வந்திருந்தது. தலைப்பு தனியாக இருந்ததால் இரட்டிப்பு தெரியவில்லை. அந்தப் பகுதியைக் கலைத்து, விட்டுப்போன ஒன்றிரண்டை உரிய இடத்தில் சேர்த்தோம்.

ஆக, தலைப்பு வரமாட்டேன் என்கிறபோது தலைப்போடு மல்லுக்கட்டாதீர்கள். கீழே இருக்கும் பத்தியைப் படியுங்கள். ஒன்று, அது காலியாக இருக்கும். இல்லாவிட்டால் இரண்டு மூன்று விஷயம் ஒன்றாகக் கிடக்கும். அதுவும் இல்லையென்றால் வேறெங்கோ சொன்னதையே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பேச்சு என்றால் கொச்சை அல்ல

பேசுவதுபோல எழுது என்றதும் தங்கை உற்சாகமாகிவிட்டாள். ‘மூணு மாசத்துக்கொருவாட்டி மடிப்ப மாத்திப்புடுங்க’ என்று ஒரு தலைப்பு போட்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ‘மாத்திப்புடுங்க’ என்பது ஒரு ஊர்ப் பேச்சு. கோயம்புத்தூர்க்காரரும் நாகர்கோவில்காரரும் சென்னையில் பிறந்து வளர்ந்தவரும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கும் குடியிருப்பு அது. நம் பேச்சு ஊருக்கு ஊர் மாறும், எழுத்து மாறாது. அதோடு, நம் கண் அச்சில் பார்த்துப் பழகியது எழுத்துத் தமிழைத்தான். ‘மாசத்துக்கொருவாட்டி’ என்பதை வாய் உடனே சொல்லும். கண் ஒரு கணம் நின்று எழுத்துக் கூட்டும். பக்கத்தை மேலோட்டமாக ஓட்டிப் பார்க்கிறவரின் கண் அந்த ஒரு கணத்தைக்கூடத் தராது.

மறுபுறம் ‘மடிப்பு மாற்றுதல்’ என்று பழைய சீட்டுக்கே திரும்பவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் நின்றது இது: ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் போதும்’. எழுத்துக்கூட்டு முழுக்க அச்சுத் தமிழ். ஆனால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோலவே கேட்கிறது. அந்தக் குரலைக் கொண்டுவருவது ‘போதும்’ என்ற சொல்.

தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. பேச்சிலும் எழுத்திலும் ஏறத்தாழ ஒரே உருவத்தில் நடமாடும் சொற்கள் கொஞ்சம் இருக்கின்றன. வேண்டாம், போதும், கூடாது. பிறகு ‘துவைக்கலாமா’, ‘போடலாமா’ என்று ‘லாமா’வில் முடியும் கேள்விகள். இவற்றை வாயால் சொன்னாலும் அச்சில் பார்த்தாலும் அப்படியே இருக்கும். ‘வைக்காதீர்கள்’ என்பது கொஞ்சம் விறைப்பு, ‘வைக்காதீங்க’ என்பது கொஞ்சம் தளர்வு, ‘வைக்க வேண்டாம்’ என்பது இரண்டு பக்கமும் ஒத்துப்போகும். ‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்ற தலைவலியும் இதில் இல்லை, மாமியாருக்கும் சொல்லலாம், கல்லூரிப் பெண்ணுக்கும் சொல்லலாம். தலைப்பை முடிக்கத் தெரியாமல் திணறும்போது இந்தச் சொற்களில் ஒன்றைக் கடைசியில் வைத்து, பின்னாலிருந்து முன்னால் கட்டிப் பாருங்கள். நான் டெஸ்க்கில் இருந்தபோது பெரும்பாலும் அப்படித்தான் செய்வேன்.

பேச்சு வழக்கிலேயே முழுக்கட்டுரையும் எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் தலைப்பையும் அப்படியே வைக்கலாம், தப்பில்லை. கட்டுரை ‘செய்ய வேண்டும்’ என்று போய்க்கொண்டிருக்கும்போது தலைப்பு மட்டும் ‘பண்ணிப்புடுங்க’ என்று குதிப்பதுதான் உறுத்தும். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு காலில் குளியலறைச் செருப்பு போட்ட மாதிரி.

புடவைக் கட்டுரை கடைசியில் எப்படி ஆனது

முன்னுரை என்ற சொல்லை அடித்துவிட்டோம். தலைப்பே இல்லாமல், அவள் கல்யாணப் புடவையை ஐந்து வருடம் கழித்து எடுத்து உதறியபோது மடிப்பு வரியில் பட்டு இற்று வாய் பிளந்திருந்த கதையோடு கட்டுரை தொடங்கியது. அது ஏற்கெனவே கட்டுரையில் இருந்ததுதான். ஆறாவது பகுதியில் ‘உதாரணமாக’ என்று ஆரம்பித்து ஒளிந்துகொண்டிருந்தது.

‘பட்டின் வகைகள்’ பகுதியில் ஏழெட்டு ஊர்ப் பெயர்கள் இருந்தன. காஞ்சிபுரம், ஆரணி, திருபுவனம் என்று பட்டியல் நீண்டது. ஆனால் பார்த்துக்கொள்ளும் விதத்தில் ஊருக்கு ஊர் அவள் எந்த வித்தியாசமும் சொல்லவில்லை. வித்தியாசம் ஜரிகையில்தான் இருந்தது. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதற்குத் தங்க முலாம் பூசியது. விலை குறைந்ததில் வெள்ளியின் இடத்தில் செம்பு இருக்கும். இன்னும் குறைந்ததில் உலோகமே இருக்காது, மினுங்கும் பிளாஸ்டிக் இழைதான். வெள்ளியும் செம்பும் ஈரத்திலும் காற்றிலும் கறுக்கும். பிளாஸ்டிக் கறுக்காது, ஆனால் சூடு பட்டால் சுருங்கும். படிக்கிறவளுக்குத் தெரிய வேண்டியது தன் கையில் இருப்பது எது என்பதுதான். அதனால் தலைப்பு ‘உங்கள் ஜரிகையில் இருப்பது வெள்ளியா, செம்பா, பிளாஸ்டிக்கா?’ என்று ஆனது. ஊர்ப் பட்டியல் போய்விட்டது. ஜரிகை இழையை ஓரத்தில் லேசாகச் சுரண்டினால் காஞ்சிப் பட்டின் அசல் ஜரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும் என்ற ஒரு வரி, இந்தத் தலைப்புக்குப் பிறகுதான் முதல் வரியாக மேலே ஏறி வந்தது.

பராமரிப்பு மூன்றாக உடைந்தது என்றேனே, அவை இப்படி வந்தன. ‘கல்யாணத்திலிருந்து வந்ததும் பீரோவில் வைக்க வேண்டாம்’. இதற்குக் கீழே, வியர்வை ஈரத்தோடு மடித்தால் ஜரிகை கறுக்கும், வெயில் படாத இடத்தில் இரண்டு மணி நேரமாவது விரித்து ஆற விட வேண்டும் என்பது. அடுத்தது ‘பட்டை வீட்டிலேயே துவைக்கலாமா?’. இதற்குப் பதில் ஆமாம் என்றும் இல்லை என்றும் இரண்டு பக்கம் போவதால் கேள்வியாக விட்டோம். ஜரிகை நிறைந்த புடவைக்கு டிரை வாஷ், ஜரிகை குறைந்த மெல்லிய பட்டுக்கு, சாயம் போகிறதா என்று ஓரத்தில் பார்த்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீர். மூன்றாவது ‘இஸ்திரி போட, நடுவில் ஒரு பழைய வேட்டி போதும்’. இதை அவள் முதலில் ‘இஸ்திரியின்போது கவனிக்க வேண்டியவை’ என்று எழுதியிருந்தாள். ‘கவனிக்க வேண்டியவை’ என்பதும் சீட்டுதான், கொஞ்சம் நீளமான சீட்டு. எதைக் கவனிக்க வேண்டும் என்பதையே சொல்லிவிட்டால் வேலை முடிந்தது: புடவையை உள்பக்கம் திருப்பி, மேலே பருத்தித் துணி விரித்து, குறைந்த சூட்டில் போட வேண்டும்.

கறை நீக்குதல் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. சித்தி போனில் கேட்டாரே, “என்ன கறை?” என்று. கல்யாணப் பந்தியில் பட்டின் மேல் விழுவது என்ன? சாம்பாரும் நெய்யும்தான். உடனே நாம் என்ன செய்வோம்? தண்ணீரைத் தொட்டுத் தேய்ப்போம். தேய்த்தால் பட்டின் இழை மேலெழும்பி அந்த இடம் மட்டும் மங்கிப்போகும், கறை போனாலும் தடம் போகாது. எனவே ‘சாம்பார் சிந்தினால் தேய்க்கக் கூடாது’ என்று வைத்தோம். இதில் பொருள் இருக்கிறது, நேரம் இருக்கிறது, செய்யக் கூடாதது இருக்கிறது. தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறவளுக்குக்கூடக் கையில் ஏதோ கிடைக்கிறது. அதற்குப் பதில் என்ன செய்வது என்பதற்கு அவள் கீழே படித்தாக வேண்டும்: துணியால் ஒற்றி எடுப்பது, எண்ணெய்ப் பசைக்கு முகப்பவுடரைத் தூவி விட்டுவைத்து உதறுவது, மஞ்சள் கறை தங்கினால் டிரை வாஷ் கடையில் இது சாம்பார் என்று சொல்லிக் கொடுப்பது.

சேமிப்பு வழிமுறைகள் இரண்டாகப் பிரிந்தது. மடிப்பைப் பற்றிய தலைப்பை முன்னாலேயே சொன்னேன். பருத்தித் துணியில் சுற்றுவதும் பிளாஸ்டிக் உறையை விடுவதும் அதன் கீழே வந்தன. இன்னொன்று ‘அந்துருண்டை ஜரிகையைத் தொடக் கூடாது’. பூச்சி வராமலிருக்கப் போடும் அந்த வெள்ளை உருண்டையைப் புடவை மடிப்புக்குள்ளேயே வைக்கிறவர்கள் அதிகம். அது பட்ட இடத்தில் ஜரிகை நிறம் மங்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் சிறு துணியில் முடிந்து பீரோ மூலையில் வைக்கலாம்.

முடிவுரையில் ‘எனவே பட்டைப் போற்றிப் பாதுகாப்போம்’ என்று இருந்தது. அது வேண்டியதில்லை. அந்துருண்டையோடு கட்டுரை முடிந்தது.

எல்லாம் ஆன பிறகு தலைப்புகளை மட்டும் வரிசையாக ஒரு வாட்ஸ்அப் செய்தியாக அடித்து எனக்கு அனுப்பச் சொன்னேன். இதுதான் வந்தது:

உங்கள் ஜரிகையில் இருப்பது வெள்ளியா, செம்பா, பிளாஸ்டிக்கா?
கல்யாணத்திலிருந்து வந்ததும் பீரோவில் வைக்க வேண்டாம்
பட்டை வீட்டிலேயே துவைக்கலாமா?
இஸ்திரி போட, நடுவில் ஒரு பழைய வேட்டி போதும்
சாம்பார் சிந்தினால் தேய்க்கக் கூடாது
மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் போதும்
அந்துருண்டை ஜரிகையைத் தொடக் கூடாது

இதைச் செய்தியாகவே ஒருத்திக்கு அனுப்பலாம்; பாதிக் கட்டுரை அவளுக்குக் கிடைத்துவிடும். வாசித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. கறை பந்தியிலேயே விழுந்துவிடுகிறது, ஆனால் கட்டுரையில் இஸ்திரிக்குப் பிறகு வருகிறது. கறைப் பகுதியைத் தூக்கி இரண்டாவதாக வைத்தோம். பழைய சீட்டுகள் இருந்தபோது இந்த வரிசைக் கோளாறு எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

எல்லை தாண்டினால் தோரணம் ஆகிவிடும்

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூச்சி அரிக்கும் துணிகளைப் பற்றிய ஒரு கட்டுரைக்கு ‘உஷார்! இது உங்கள் பீரோவிலும் இருக்கலாம்!’ என்று ஒரு துணைத்தலைப்பு வைத்தேன். பேச்சுபோலத்தானே இருக்கிறது என்று பெருமை வேறு. எங்கள் மூத்த உதவி ஆசிரியை அதைப் படித்துவிட்டு, “எது?” என்று மட்டும் கேட்டார். நான் விளக்கினேன். “அதை ஏன் தலைப்பில் ஒளித்து வைத்தாய்?” என்றார். தோழி இப்படிப் பேச மாட்டாள். பூச்சி இருக்கிறது என்று நேரே சொல்வாள். மறைத்து வைத்துப் பேசுவது சந்தையில் சாமான் விற்கிறவர் பேச்சு. ‘இது’, ‘அது’, ‘இவ்வளவுதானா!’ என்று தலைப்பில் வந்தால் உடனே பெயர்ச்சொல்லைக் கொண்டுவந்து வையுங்கள். நாளைக்கு யாராவது ஜரிகையைப் பற்றி எங்கோ படித்தோமே என்று பழைய மலரைப் புரட்டும்போது, தலைப்பில் ஜரிகை என்ற சொல் இருந்தால்தான் கண்ணில் சிக்கும். ஆச்சரியக்குறி ஒன்றுகூட வேண்டாம்.

எல்லாவற்றையும் கேள்வியாக்குவதும் இன்னொரு வழக்கமான கோளாறு. பேச்சு என்றாலே கேள்விதான் என்று நினைத்துவிடுகிறோம். துவைக்கலாமா, தேய்க்கலாமா, மடிக்கலாமா, மாட்டலாமா என்று ஏழு கேள்வி வரிசையாக வந்தால் போலீஸ் விசாரணைபோல ஆகிவிடும். மேலே எங்கள் ஏழில் கேள்வி இரண்டுதான். உண்மையிலேயே மக்கள் வாயில் கேள்வியாக இருப்பதை மட்டும் கேள்வியாக வையுங்கள். ‘தேய்க்கலாமா?’ என்று யாரும் கேட்பதில்லை, கேட்காமலே தேய்த்துவிடுகிறார்கள். அதற்கு எச்சரிக்கைதான் சரி.

நீளத்துக்கு நான் வைத்திருக்கும் அளவு ஒன்றுதான். உங்கள் போனில் இரண்டு வரிக்கு மேல் போனால் குறையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஐந்தாறு சொல்லிலேயே இரண்டு வரி நிரம்பிவிடும்.

சீட்டாகவே விட வேண்டியவையும் உண்டு

சமையல் குறிப்பில் ‘தேவையான பொருட்கள்’ என்பதைத் தொடாதீர்கள். மளிகைக் கடையில் நின்றுகொண்டு ஒருத்தி தேடுவது அந்தச் சொல்லைத்தான். ‘என்னென்ன எடுத்து வைக்கலாம்?’ என்று மாற்றினால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை, தேடும் நேரம்தான் கூடும். படிக்க அல்லாமல் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்க என்று இருக்கும் பகுதிகளுக்குச் சீட்டே நல்லது: அளவுப் பட்டியல், கட்டணப் பட்டியல், முகவரிகள்.

அலுவலகச் சொல்லையும் அழித்துவிடக் கூடாது. நிலம் வாங்கியவருக்கு எழுதும்போது ‘பட்டா மாறுதல் நடைமுறைகள்’ என்ற தலைப்பை ‘நிலத்தை நம் பேருக்கு மாற்றுவது எப்படி?’ என்று இளக்கினால் கேட்க இதமாக இருக்கும். ஆனால் மறுநாள் இ-சேவை மையத்தில் போய் நிற்கும்போது அவர் சொல்ல வேண்டிய சொல் ‘பட்டா மாறுதல்’தான். அதை வைத்துக்கொண்டே, ‘பட்டா மாறுதலுக்கு எங்கே மனு கொடுக்கலாம்?’ என்று முடித்தால் அவர் போய்க் கேட்க வேண்டிய சொல் தலைப்பிலேயே இருக்கும், தலைப்பும் பேச்சாகவே நிற்கும்.

துக்கமான விஷயத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். கணவரை இழந்தவருக்கு வங்கிக் கணக்கைப் பற்றி எழுதும்போது தோழமை என்ற பெயரில் சிலேடையோ துள்ளலோ கூடாது. ‘வங்கிக்கு முதல் முறை போகும்போது இறப்புச் சான்றிதழ் நகல் போதுமா?’ என்பது வரைக்கும் பேசினால் போதும். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எப்படிப் பேசுவோமோ, அந்த அளவுதான்.

கட்டுரையைக் கொடுக்கும் முன் தங்கை இன்னொருமுறை சித்திக்குப் போன் போட்டு ஏழு தலைப்பையும் படித்தாள். இந்த முறை ‘ம்’ வரவில்லை. கடைசித் தலைப்பு வந்ததும், “அய்யய்யோ, நான் இருபது வருஷமா மடிப்புக்குள்ளதானேடி போடுறேன்!” என்றார். போனை வைக்கக்கூட இல்லை, பீரோ திறக்கும் சத்தம் எங்களுக்கே கேட்டது. உருண்டைகளை எல்லாம் எடுத்துவிட்டாராம். அவர் கல்யாணக் கூறைப்புடவையின் முந்தானையில் மூன்று இடத்தில் ஜரிகை மங்கியிருக்கிறது.